என் பதிவில் அவள் குரல் இல்லை

அந்தப் பதிவுக் கோப்பை இதுவரை ஐந்து முறை முழுதாகக் கேட்டிருக்கிறேன். ஐந்து முறையும் பன்னிரண்டாவது நிமிடத்தில், ஒருவர் முறுக்கைக் கடித்து மெல்லும் சத்தம் வருகிற இடத்தில், என் கை ஒலியைக் குறைக்கப் போனது. வாயைத் திறந்து மெல்லுகிறவர். ஒரு பெண்ணின் வேலை போகுமா இருக்குமா என்று தீர்மானிக்கச் சென்னைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரி அவர்.

நான் திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம். முன்மேசையும் பதிவேடுகளும் என் பொறுப்பு. அன்றன்று நடந்ததை நேரத்தோடு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. இதையும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள். ஆட்டோ உள்ளே வராது. அன்று நோயாளிகளெல்லாம் விடிந்ததும் வெறும் வயிற்றோடு மொத்தமாக வந்து ஒன்பது மணிக்குள் போய்விடப் பார்ப்பார்கள். இதைச் சமாளிக்க எங்கள் மேனேஜர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். முன்பதிவு செய்தவர்களின் பெயர் ஸ்டிக்கர்களை முதல் நாளே அச்சடித்து, காலிக் குழாய்களில் ஒட்டி, டோக்கன் வரிசைப்படி தட்டில் அடுக்கி வைக்க வேண்டும். காலையில் ஊசி குத்தி ரத்தத்தை நிரப்புவது மட்டும்தான் வேலை. ரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் பெயரைக் கேட்டு, அவர் கண் முன்னால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் எழுத்து மூலமான விதி. மேனேஜர் சொன்னது வாய் வார்த்தை.

ஒரு பௌர்ணமிக் காலையில் வரிசையில் நின்ற ஒருவர் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னால் நின்றவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். முன்னவர் திரும்பி வந்ததும் அவர் ரத்தம் இவருடைய குழாயில் போனது. இரண்டு பேரின் ரத்தமும் குழாய் மாறியது. சிறுநீரகம் நன்றாக இருந்த அடி அண்ணாமலை விவசாயி ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாக ரிப்போர்ட் போனது. குடும்பமே அழுதுகொண்டு அவரை வேலூருக்குக் கூட்டிப்போனது. உண்மையில் கெட்டிருந்த மற்றவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தோம். வேலூரில் மறுபடி சோதித்து மாறியது தெரியும்வரை, இரண்டு நாள் அவர் அந்தக் காகிதத்தை நம்பிக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுத்தவள் எங்கள் டெக்னீஷியன். முப்பத்து நான்கு வயது, தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளைத் தற்காலிக நீக்கம் செய்து, வேலையை விட்டே ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். விசாரணை ஆன்லைனில் நடக்கும், துணைக்கு உடன் பணிபுரியும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அவள் என்னைக் கேட்டாள். "அண்ணா, பாதித் தப்பு என்னுது. பேர் கேக்காம குத்திட்டேன், அத ஒத்துக்கறேன். மீதிப் பாதி யாருதுன்னு அவரு வாயால வரணும்."

அதனால்தான் விசாரணையைப் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம்.

பதிவேடு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் புதிதாக எந்தப் புரோகிராமையும் ஏற்ற முடியாது. ஏற்றப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும். அது சென்னையில் சிஸ்டம் பார்க்கிறவரிடம் இருக்கிறது. அவரிடம் கேட்க மேனேஜரின் கையெழுத்து வேண்டும். மேனேஜருக்கு எதிரான சாட்சியைப் பதிவு செய்ய மேனேஜரிடமே கையெழுத்தா? செல்போனைத் திரைக்கு எதிரே பிடித்து எடுக்கலாம் என்றாள். ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்து ஏறும், யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது என்று நான்தான் மறுத்தேன்.

இணையத்தில் தேடினேன். "இலவசம்" என்று போட்டுவிட்டு உள்ளே போனதும் எதையாவது இறக்கச் சொல்லும் தளங்கள்தான் முதலில் வந்தன. அழுத்தும் இடமெல்லாம் விளம்பரம். ஈ மொய்த்த பலகாரத் தட்டில் கை வைப்பது போலிருந்தது. கடைசியில் ஒரு சுத்தமான பக்கம் கிடைத்தது. பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு டேபை, அதாவது ஒரு தனிப் பக்கத்தை, ஒலியோடு பதிவு செய்யும் வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, இந்தப் பக்கம் அதைக் கூப்பிடுவதோடு சரி, பதிவாவது எதுவும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணையில் நோயாளிகளின் பெயர் வரும். எழுதியிருப்பதை நம்பி விட்டுவிட எனக்கு மனமில்லை. பென் டிரைவில் என் தங்கை மகளின் கல்யாண வீடியோ இருந்தது. அதை ஒரு டேபில் திறந்தேன். இன்னொரு டேபில் பதிவுப் பக்கம். பிறகு நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். எதைப் பகிர வேண்டும் என்று பிரவுசர் ஒரு பெட்டி காட்டியது. ஒரு டேப் மட்டுமா, ஒரு ஜன்னலா, முழுத் திரையா என்று மூன்று வழி. டேப் என்பதைத் தொட்டதும் திறந்திருக்கும் டேப்களின் பட்டியல் வந்தது. அதன் அடியில் டேபின் ஒலியையும் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு ஸ்விட்ச். அது அணைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கல்யாண டேபைத் தேர்ந்தெடுத்தேன். இந்த டேப் பகிரப்படுகிறது என்று மேலே ஒரு பட்டை வந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். ஒரு வீடியோ கோப்பு வந்து விழுந்தது. நெட் இல்லாமலே விழுந்ததால் எதுவும் வெளியே போகவில்லை என்று உறுதியாயிற்று.

நாதஸ்வரம் துல்லியமாகக் கேட்டது. ஸ்பீக்கரை நான் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தும் கோப்பில் ஒலி முழுதாக இருந்தது. டேபுக்குள் ஓடுகிற ஒலியைப் பிரவுசர் நேராக எடுத்துக்கொள்கிறது என்று புரிந்தது. எடுக்கும்போது பதிவுப் பக்கத்தை மூடிவிடக் கூடாது என்பதையும் குறித்துக்கொண்டேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் "ஒத்திகை, மதியம் 2.10 முதல் 2.35 வரை, குறை ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். இப்போது அந்த வரியைப் பார்க்கக் கூசுகிறது.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. நானும் அவளும் பதிவேடு அறையில். மேனேஜர் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் தன் அறையில் உட்கார்ந்து அதே மீட்டிங்கில் சேர்ந்தார். அவர் பேசினால் முதலில் சுவர் வழியாகக் கேட்கும், பிறகு ஸ்பீக்கரில் கேட்கும். பதினோரு வருடம் அவளோடு ஒரே கட்டடத்தில் இருந்தவர். எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து பேச அவருக்கு வக்கில்லை.

நாங்களும் பதிவு செய்துகொள்கிறோம் என்று முதலிலேயே கேட்டேன். விசாரணை அதிகாரி சிரித்தார். "நாங்களே ரெக்கார்ட் பண்றோம். உங்களுக்கும் வேணும்னா பண்ணிக்கோங்க, வீட்ல போட்டுப் பாருங்க." மேனேஜரும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தார். சிரிப்பும் இரண்டு முறை கேட்டது.

மீட்டிங் டேபைத் தேர்ந்தெடுத்தேன், ஒலி ஸ்விட்சைப் போட்டேன், பட்டை வந்தது. நாற்பது நிமிடம் நடந்தது. அவள் நிதானமாகப் பேசினாள். பெயர் கேட்காமல் ரத்தம் எடுத்தது தன் தவறு என்று முதலிலேயே ஒத்துக்கொண்டாள். பிறகு மேனேஜரிடம் கேள்விகள் கேட்டாள். நான் ஒவ்வொரு கேள்வியையும், மீட்டிங் பக்கத்தின் கீழ் மூலையில் தெரிந்த நேரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பதினொன்று பன்னிரண்டுக்கு அந்தக் கேள்வி வந்தது. காலிக் குழாயில் முன்னாடியே ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது யார்?

அந்த நேரத்தில்தான் விசாரணை அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்து முறுக்கைக் கடித்தார். மைக்கை அணைக்க வேண்டும் என்ற நினைப்புகூட இல்லை. இரண்டு பேரின் ரிப்போர்ட் மாறியது பற்றிய விசாரணை அது. அந்த இரண்டு பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் மென்றுகொண்டே இருந்தார்.

முடிந்ததும் கோப்பைத் திறந்து முதல் ஒரு நிமிடம் கேட்டேன். விசாரணை அதிகாரியின் முன்னுரை தெளிவாக இருந்தது. மூடிவிட்டேன். "எல்லாம் இருக்கும்மா, தைரியமா போ" என்று அவளை பஸ் ஏற அனுப்பினேன்.

சனிக்கிழமை விசாரணைக் குறிப்பு வந்தது. இரண்டு பக்கம். குற்றம் சாட்டப்பட்ட ஊழியர் தவறை ஒப்புக்கொண்டதாகவும், மேற்கொண்டு எந்த விளக்கமும் தராமல் மௌனமாக இருந்ததாகவும், மேனேஜரிடம் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தது. நிறுவனம் எடுத்த பதிவு தொழில்நுட்பக் கோளாறால் கிடைக்கவில்லையாம். புதன்கிழமை இன்னொரு அமர்வில் இந்தக் குறிப்பைப் படித்துக் காட்டி உறுதி செய்வார்களாம்.

படித்து முடித்ததும் கை கழுவ வேண்டும் போலிருந்தது. உண்மையிலேயே எழுந்து போய்க் கழுவினேன். எங்களிடம் பதிவு இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் தெம்பாக இருந்தது. அவளை வரச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து கோப்பைப் போட்டோம்.

விசாரணை அதிகாரி கேட்கிறார். பதில் இல்லை. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் அவள் முகம் இருக்கிறது, உதடு அசைகிறது, கை அசைகிறது, சத்தம் இல்லை. பிறகு விசாரணை அதிகாரி "சரி, அடுத்து" என்கிறார். மறுபடி உதடு அசைகிறது. நாற்பது நிமிடமும் அப்படியே. அவர்கள் பேசியது ஒவ்வொரு எழுத்தும் துல்லியம். அவள் பேசியது ஒரு எழுத்துகூட இல்லை.

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். "அண்ணா, நான் பேசவே இல்லியா?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் எழுதியதையும் என் பதிவையும் சேர்த்துப் பார்த்த பிறகு அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

என்ன நடந்தது என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. மீட்டிங்கில் நாம் பேசுவது நம் மைக்கிலிருந்து அவர்களுக்குப் போகிறது. நம் டேபில் அது திரும்ப ஒலிக்காது. ஒலித்தால் நம் குரலே நமக்கு எதிரொலியாக வந்து பேச முடியாமல் போகும். டேபின் ஒலி என்பது டேப் ஒலிக்கிற ஒலி மட்டும்தான். கல்யாண வீடியோவில் எல்லா ஒலியும் டேபுக்குள்ளேயே இருந்தது. அதை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, குறை ஏதும் இல்லை என்று எழுதியவன் நான். அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பார்க்கவில்லை. பதிவுப் பக்கத்தில் மைக்கையும் சேர்ப்பதற்குத் தனி ஸ்விட்ச் இருந்தது. நாங்கள் பேசிக்கொள்வது தேவையில்லாமல் ஏறிவிடும் என்று ஒழுங்காக யோசித்து, அதை அணைத்து வைத்தவனும் நான்தான். மேனேஜர் மேல் இருந்த அருவருப்பில் கொஞ்சம் அன்றைக்கு என் மேலும் திரும்பியது.

"இத அவங்களுக்கு அனுப்பிருந்தா, அவங்க வேலய நாமளே முடிச்சுக் குடுத்திருப்போம்" என்றாள்.

ஆனாலும் முழுவதையும் கேட்டேன். கோப்பில் மொத்த நீளம் காட்டவில்லை, வேண்டிய இடத்துக்கு இழுத்தாலும் சரியாகப் போகவில்லை. முதலிலிருந்து ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவள் உதடு அசையும் ஒவ்வொரு இடத்திலும் நான் எழுதிய கேள்வியைப் பொருத்திப் பார்த்தேன். நேரம் சரியாகப் பொருந்தியது. ஆனால் என் நோட்டை யார் மதிப்பார்கள்? அவளுக்குத் துணையாக உட்கார்ந்தவன் எழுதியது. மேனேஜரின் பதில்களோ பெரும்பாலும் "ஆமா", "இல்ல", "அதெல்லாம் தெரியாது". கேள்வி இல்லாத ஆமாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. அவள் உதடு அசைகிறது. முறுக்கு உடையும் சத்தம். அதன் அடியில் மேனேஜர் "ஆமா, நான்தான்" என்கிறார். மறுபடி மெல்லும் சத்தம். பிறகு வாய் நிறைய முறுக்கோடு விசாரணை அதிகாரி கேட்கிறார்: "என்ன சொன்னீங்க? கேக்கல, திருப்பிச் சொல்லுங்க."

மேனேஜர் சலிப்போடு திருப்பிச் சொல்கிறார். "பௌர்ணமிக்கு முந்தின நாளே காலி டியூப்ல ஸ்டிக்கர் ஒட்டி வைக்கச் சொன்னது நான்தான்னு சொன்னேன் சார். கூட்டம் ஜாஸ்தி, இந்தப் பொம்பளைங்க தாங்க மாட்டாங்க."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். அந்தப் பதிலுக்குக் கேள்வி தேவையில்லை. முழுதாக இருந்தது.

அந்த ஆள் வாயை மூடி மென்றிருந்தால், அல்லது மைக்கை அணைத்திருந்தால், எங்களிடம் வெறும் ஒரு ஆமா மட்டும் இருந்திருக்கும். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு மனுஷியின் பதினோரு வருட வேலை ஒருவரின் தின்னும் லட்சணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமைக்கு ஒழுங்காக ஒத்திகை பார்த்தோம். மைக் ஸ்விட்சைப் போட்டதும் பிரவுசர் தனியாக அனுமதி கேட்டது, கொடுத்தோம். செல்போனிலிருந்து நான் மீட்டிங்கில் சேர்ந்து வாசலில் நின்று பேச, அவள் உள்ளே இருந்து பதில் சொன்னாள். இரண்டு குரலும் விழுந்தன. ஸ்பீக்கர் சத்தம் மைக்கிலும் ஏறி இரட்டையாகக் கேட்டதால் அதைக் குறைத்து வைத்தோம். பிறகு பழைய கோப்பைத் தனி டேபில் திறந்து, முதலிலிருந்து ஓடவிட்டு, பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி வைத்தேன்.

புதன்கிழமை அமர்வு தொடங்கியதும் பதிவை ஓடவிட்டேன். விசாரணை அதிகாரி குறிப்பைப் படித்தார். தான் எதையும் மறுக்கும் முன் மேனேஜரை ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள் அவள். முன்கூட்டியே ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது நீங்களா?

சுவர் வழியாக முதலிலும் ஸ்பீக்கரில் பிறகும் பதில் வந்தது. "நான் அப்டிச் சொல்லவே இல்ல. விதி என்னன்னு எனக்குத் தெரியாதா? இவங்களா பண்ணிட்டு இப்ப என் தலைல கட்டறாங்க."

"போன வாரம் வேற சொன்னீங்களே சார்."

"போன வாரம் நீ வாயே தொறக்கலயேம்மா. குறிப்புல இருக்குதே."

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மீட்டிங்கில் திரையைப் பகிரும் பொத்தானை அழுத்தினேன். அதே பெட்டி, அதே மூன்று வழி. டேப் என்பதைத் தொட்டு, பழைய கோப்பு இருக்கும் டேபைத் தேர்ந்தெடுத்து, அடியில் இருந்த ஒலி ஸ்விட்சை இரண்டு தடவை பார்த்துப் போட்டேன். ஓடவிட்டேன்.

முறுக்கு உடைந்தது. விசாரணை அதிகாரி தன் மெல்லும் சத்தத்தைத் தானே கேட்டார். அவர் முகம் என்ன ஆனது என்பதை நான் விடாமல் பார்த்தேன். அவர் திருப்பிக் கேட்டதும், மேனேஜர் திருப்பிச் சொன்னதும், "இந்தப் பொம்பளைங்க" என்றதும் எல்லாம் ஒலித்து முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. இந்த முறை ஸ்பீக்கரில் வரவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்.

இதில் ஊழியரின் கேள்வியே இல்லையே என்று விசாரணை அதிகாரி ஆரம்பித்தார்.

"கேள்வி நீங்க கேட்டது சார்" என்றாள். "உங்க குரல்தான்."

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. தற்காலிக நீக்கம் ரத்து. பெயர் கேட்காததற்கு அவளுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை. அது நியாயம், வாங்கிக்கொண்டாள். மேனேஜருக்கு இடமாற்றம், இதைவிடப் பெரிய கிளைக்கு. முன்பு எழுதிய குறிப்பு பொய் என்று உத்தரவில் எங்கும் இல்லை. அது "திரும்பப் பெறப்படுகிறது", அவ்வளவுதான். கூடவே இன்னொரு சுற்றறிக்கை: ஊழியர்கள் அலுவலகக் கூட்டங்களைப் பதிவு செய்யக் கூடாது. அதைப் படித்தபோதும் எழுந்து போய்க் கை கழுவினேன்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் புது மேனேஜர் வந்து, கூட்டம் வருமே, ஸ்டிக்கரை மட்டும் இன்றைக்கே ஒட்டி வைத்துவிட்டால் என்ன என்று அவளிடம் தணிந்த குரலில் கேட்டார். எழுதிக் கொடுங்க சார், ஒட்டறேன் என்றாள். அவர் எழுதவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. நேரமாகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் என்னிடம் வந்து சண்டையே போட்டார். அவள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ரத்தம் எடுத்து, பேர் சொல்லுங்க என்று கேட்டு, சொன்ன பிறகு ஸ்டிக்கரை ஒட்டினாள். அவள் கேட்பது முன்மேசை வரை எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசி ஆள் முடியும்போது மணி பத்து நாற்பது.